முதலில் அவரிடம், பிறகு என்னிடம்

கேள்வி: எனக்கு வயது 36. காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மனைவி ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். அவளோடு கல்லூரியில் படித்த நண்பர் ஒருவரும் அதே கம்பெனி, அதே பஸ். நல்ல மனிதர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காதுகுத்து விழாவில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "மாற்றல் விஷயம் என்ன முடிவு செய்தீர்கள் அண்ணா?" என்று கேட்டார். அவளுக்குப் பதவி உயர்வோடு சென்னைப் பக்கம் மாற்றல் வந்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "யோசித்துக்கொண்டிருக்கிறோம்" என்று சமாளித்தேன். அன்றிலிருந்து நிம்மதி இல்லை. ஒருநாள் இரவு அவள் தூங்கியபின் அவள் போனை எடுத்துப் பார்த்தேன். தவறாக ஒன்றும் இல்லை. எனக்கு இருவர் மீதும் சந்தேகம் கிடையாது. ஆனால் பொறாமையாக இருக்கிறது. "நீ எதையும் என்னிடம் சொல்வதில்லை, எல்லாவற்றையும் அவரிடம்தான் சொல்கிறாய்" என்று கேட்டுவிடலாமா என்று இருக்கிறேன். இருவரையும் குற்றம் சாட்டாமல் இதை எப்படிச் சொல்வது?

பதில்:

தம்பி, அந்த வாக்கியத்தை இன்னும் வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறீர்களே, அது நல்லதாயிற்று. அதிலிருந்தே தொடங்குவோம். அதைப் பிரித்துப் பார்த்தால் எங்கே குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

"எதையும்", "எல்லாவற்றையும்" என்ற இரண்டு சொற்களும் உண்மையல்ல. உங்கள் மனைவிக்கு அது உடனே தெரியும். "நேற்றுப் பள்ளிக் கட்டணம் பற்றிச் சொல்லவில்லையா? அம்மாவுக்கு ஊசி போட்டதைச் சொல்லவில்லையா?" என்று எண்ணிக் காட்டத் தொடங்குவார். நீங்கள் வேறொரு நாளை எடுத்து வைப்பீர்கள். ஐந்து நிமிடத்தில் பேச்சு உங்கள் மனதை விட்டுவிட்டு, யார் எந்தத் தேதியில் எதைச் சொன்னார் என்ற கணக்கு வழக்காகிவிடும். அதில் நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

அடுத்து, "அவரிடம்தான்" என்பதில் ஒட்டியிருக்கும் "தான்". "அவரிடம் சொன்னாய்" என்பது நடந்த செய்தி. "அவரிடம்தான் சொன்னாய்" என்றதும் அந்த நண்பரைக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். "மட்டும்" என்ற சொல்லும், "எப்போது பார்த்தாலும்" என்ற தொடரும் இதே வேலையைத்தான் செய்யும். என்னிடம் வருகிற தம்பதிகளிடம் இந்த மூன்றையும் தவிர்த்துவிட்டு அதே விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள் என்பேன். பலரால் முதல் தடவை முடியாது. பாதியில் நிறுத்திவிடுவார்கள். அப்போதுதான் தாங்கள் சொல்ல வந்தது வருத்தமா புகாரா என்று அவர்களுக்கே புரிகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்த வாக்கியத்தில் நீங்கள் இல்லை என்பதுதான். உங்களுக்குப் பொறாமையாக இருக்கிறது என்று எனக்கு எழுதிவிட்டீர்கள். மனைவியிடம் சொல்ல வைத்திருக்கும் வாக்கியத்தில் அந்தச் சொல்லே காணோம். அதைக் கேட்டால், தன் கணவர் தன்னை வேவு பார்க்கிறார் என்று அவருக்குப் புரியும். கணவரின் மனம் நொந்திருக்கிறது என்று புரியாது.

நம் மொழியில் இதற்கு இயல்பாகவே ஒரு வழி இருக்கிறது. "எனக்குக் குளிர்கிறது" என்கிறோம். யார் குளிரச் செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. அது எனக்கு வந்தது, அவ்வளவுதான். "எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்பதும் அதே அமைப்பு. "எனக்கு" என்று தொடங்கி, உணர்வின் பெயரைச் சொல்லி, "இருக்கிறது" என்று முடித்தால் அந்த வாக்கியத்தில் குற்றவாளிக்கு இடமே இல்லை. ஒரு எச்சரிக்கை: "நீ என்னை மதிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது" என்பது இந்த வகையைச் சேராது. "எனக்கு" அங்கே வெறும் போர்வை. போர்வையை விலக்கினால் உள்ளே "நீ மதிக்கவில்லை" என்ற தீர்ப்புதான் இருக்கும். உணர்வு என்றால் ஒற்றைச் சொல்லில் அடங்க வேண்டும்: பொறாமை, வருத்தம், பயம், வெட்கம்.

பொறாமை என்ற சொல்லைச் சொல்ல ஆண்கள் மிகவும் கூசுகிறார்கள். அது பக்கத்து நிலத்துக்காரனின் மா விளைச்சலைப் பார்த்து வயிறெரிவதற்கான சொல் என்று நினைத்து, அதற்குப் பதில் "எனக்குப் பிடிக்கவில்லை", "ஊர் என்ன பேசும்", "அம்மா கேட்டால் என்ன சொல்வது" என்று ஆரம்பிக்கிறார்கள். ஊரைச் சாட்சிக்கு இழுப்பதுபோல் ஒரு பெண்ணைப் புண்படுத்தும் பேச்சு வேறில்லை. அவர் நடத்தை ஊர் வாயில் அடிபடுகிறது என்பதுதான் அதன் பொருள். உங்கள் கடிதத்தில் ஊர் இல்லை, அம்மா இல்லை. பேசும்போதும் அப்படியே இருக்கட்டும்.

இனி பொறாமையைப் பற்றிக் கொஞ்சம். 1989-ல் பைஃபர், வாங் என்ற இரு உளவியலாளர்கள் இதை அளப்பதற்கு ஓர் அளவுகோல் தயாரித்தபோது மூன்று இழைகளாகப் பிரித்தார்கள்: எண்ணம், உணர்வு, செயல். உங்களிடம் மூன்றுமே இருக்கின்றன, ஆனால் ஒரே அளவில் இல்லை. எண்ணம், அதாவது "இவர்களுக்குள் ஏதோ இருக்கிறது" என்ற நினைப்பு, உங்களுக்குக் கிட்டத்தட்ட இல்லை. உணர்வு நிறைய இருக்கிறது. செயல் ஒன்று நடந்துவிட்டது: போனைப் பார்த்தது. மூன்றையும் ஒன்றாகக் கொட்டினால் குழப்பம்தான் வரும். உணர்வைச் சொல்ல வேண்டும். செயலை ஒப்புக்கொண்டு நிறுத்த வேண்டும்.

உணர்வைச் சொல்வதற்கு முன், அது எதைப் பற்றியது என்று நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். அவர்கள் பஸ்ஸில் சேர்ந்து போவது உங்களை மூன்று வாரத்துக்கு முன்வரை உறுத்தவில்லை. உறுத்தியது அந்தப் பந்தி. இலையில் சோறு விழுந்துகொண்டிருக்கும்போது உங்கள் வீட்டுச் செய்தி உங்களுக்கு இன்னொருவர் வாயால் வந்தது. தெரிந்ததுபோல் நடிக்க வேண்டியிருந்தது. ஆகவே, நான் வாசித்தவரையில், அந்த மனிதரிடம் மனைவியை இழந்துவிடுவோமோ என்ற பயம் இது இல்லை. மனைவியின் செய்திக்கு முதல் காது நம்முடையது என்று நினைத்திருந்தீர்கள், அது இல்லை என்று தெரிந்த வலி. இரண்டும் வேறு வேறு. முதலாவது என்றால் பேச்சு நண்பரைப் பற்றியதாகும். இரண்டாவது என்றால் நண்பரைப் பற்றிப் பேச அதிகம் தேவையே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். மனைவி செவிலியர். உடன் வேலை பார்க்கும் தோழி ஒருவரோடு மிக நெருக்கம். ஆம், அங்கே நெருக்கமானவர் பெண்தான். ஆனாலும் கணவருக்கு உங்களுக்கு இருப்பதே இருந்தது. தன் மாமனாரின் நிலப் பிரச்சினை தோழிக்குத் தெரிந்து பத்து நாள் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் நல்லவிதமாகவே ஆரம்பித்தார். "எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்று அவரும் சொன்னார். மனைவி திகைத்துப்போய், "என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று கேட்டார். அந்த இடத்தில்தான் சறுக்கினார். "சந்தேகம் இல்லை, ஆனால் நீயே யோசித்துப் பார்" என்று சொல்லி, ஒரு மாதத்துச் சம்பவங்களை வரிசையாக அடுக்கினார். அந்த "ஆனால்" முன்னால் சொன்னதை எல்லாம் அழித்துவிட்டது. அதன்பின் வீட்டில் தோழியின் பெயரே எழவில்லை. கணவர் அதை வெற்றி என்று நினைத்தார். உண்மையில் மனைவி பழகுவதை நிறுத்தவில்லை, சொல்வதை நிறுத்திக்கொண்டார். பேச்சு கெட்டுப்போனதற்கு நான் பார்க்கும் முதல் அடையாளம் இதுதான்: நண்பரின் பெயர் வீட்டில் காணாமல் போவது.

என் அறையில் அவர்கள் மறுபடி பேசினார்கள். இந்த முறை மனைவி அதே கேள்வியைக் கேட்டதும், கணவர் "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். நெடுநேரம் அமைதி. மாதக் கணக்கில் வராத பதில் அந்த அமைதிக்குப் பிறகு வந்தது. "உங்களிடம் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே 'இப்படிச் செய், அப்படிச் செய்' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறீர்கள். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்." கேட்டுக்கொண்டிருந்த எனக்கே மனம் கனத்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் அந்தப் பதிலுக்காகத்தான் இந்தப் பேச்சே. உங்களுக்கும் இதுபோல் ஒன்று வரக்கூடும். மே முதல் ஜூலை வரை உங்கள் ஆலையில் மாங்காய் வரத்து. நீங்கள் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. பஸ்ஸில் அந்த நண்பருக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. செய்தி எங்கே நேரம் இருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். அல்லது, மாற்றல் என்றால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று பயந்து வேறொருவரிடம் சொல்லிப் பார்த்திருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனால்தான் காரணத்தை நீங்களே முடிவு செய்துகொண்டு போய் உட்காரக் கூடாது.

சரி, எப்படிச் சொல்வது? உங்கள் சொந்த நடையில் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் வரிசை இப்படி இருக்கட்டும்.

"காதுகுத்தில் உன் மாற்றலைப் பற்றி அவர் கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததுபோல் நடித்தேன். வெட்கமாக இருந்தது. அதற்குப்பின் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நீ தவறு செய்ததாக நான் நினைக்கவில்லை, அவரும் செய்யவில்லை. அவரோடு பேசுவதைக் குறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டை மாற்றக்கூடிய செய்தி என்றால், அது வந்த அன்றே எனக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்."

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். "குறைக்க வேண்டும் என்று கேட்கவில்லை" என்பதை விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்துக் குடும்பங்களில் கணவன் "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்றாலே அது "நிறுத்து" என்றுதான் மனைவி காதில் விழும். நீங்கள் கட்டளையிடாவிட்டாலும், தலைமுறை தலைமுறையாக அப்படிக் கேட்டுப் பழகிய காது அது. ஆகவே எதைக் கேட்கவில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொன்று, கடைசியில் வைக்கும் வேண்டுகோள். அதில் நண்பர் இல்லை. உங்கள் இருவருக்கும் இடையில் செய்யக்கூடிய, ஒரு நாளில் முடிகிற, சின்னக் காரியம் அது. "அவரிடம் இனி வீட்டு விஷயம் பேசாதே" என்று கேட்டால் அது மூன்றாவது மனிதர் மேல் வைக்கும் காவல். காவலை யாரும் மீறப் பார்ப்பார்கள்.

போன் விஷயத்தையும் அதே உட்காரலில் சொல்லிவிடுங்கள் என்பதே என் கருத்து. இதில் என்னோடு ஒத்துப்போகாத ஆலோசகர்களும் இருப்பார்கள். ஆனால் பின்னால் ஒருநாள் அது தெரியவந்தால், அன்று நீங்கள் மனம்விட்டுப் பேசியது அத்தனையும் நாடகம் என்று அவருக்குத் தோன்றிவிடும். அதை முதலில் சொன்னால் பேச்சு முழுக்க அதுவே ஆகிவிடும். மேலே சொன்னதைச் சொல்லி, அவர் பதிலைக் கேட்டபின், "இன்னொன்று. ஒருநாள் இரவு உன் போனை எடுத்துப் பார்த்தேன். அது தவறு. இனிச் செய்யமாட்டேன்" என்று மூன்று வாக்கியத்தில் நிறுத்துங்கள். "மனசு கேட்கவில்லை", "நீ சொல்லியிருந்தால் பார்த்திருக்கமாட்டேன்" என்று எதையும் சேர்க்காதீர்கள். அவர் கோபப்பட்டால், அந்தக் கோபத்துக்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

நேரம் பற்றி ஒன்று. 1999-ல் கரேர், காட்மன் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 124 புதுமணத் தம்பதிகள் தங்களுக்குள் இருக்கும் ஒரு பிரச்சினையைப் பற்றி 15 நிமிடம் பேசியதைப் பதிவு செய்து பார்த்தார்கள். முதல் 3 நிமிடம் எப்படிப் போனது என்பதிலேயே, பின்னால் பிரியக்கூடியவர்கள் யார் என்பதற்கான தடயம் இருந்தது. கடுமையாகத் தொடங்கிய பேச்சு நடுவில் இனிமையாகத் திரும்புவது அரிது. எனவே இரவு ஷிப்ட் முடிந்து வந்த காலையிலும், அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி அடுப்படிக்குள் நுழையும் மாலையிலும் வேண்டாம். போனிலும் வேண்டாம், முகம் தெரிய வேண்டும். இருவருக்கும் விடுமுறையுள்ள ஒரு நாள், சாப்பிட்டபின், குழந்தைகள் காதுக்கு எட்டாத இடத்தில், மொட்டை மாடியிலோ திண்ணையிலோ உட்காருங்கள். "உன்னிடம் ஒன்று பேச வேண்டும்" என்று காலையில் அறிவித்துவிட்டு இரவுவரை காக்க வைக்காதீர்கள். அந்தப் பகல் முழுக்க அவர் தன் குற்றம் என்னவென்று தேடிக்கொண்டிருப்பார்.

பேசும்போது உங்கள் நெஞ்சு படபடத்து, நாக்கு வறண்டு, அவர் சொல்வது காதில் ஏறாமல் போனால் நிறுத்துங்கள். அந்த நிலையில் யாராலும் கேட்க முடியாது. உடல் அடங்க 20 நிமிடமாவது ஆகும். "எனக்குப் படபடப்பாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் தொடரலாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்து வாருங்கள். சொல்லாமல் எழுந்து போனால் கோபித்துக்கொண்டு போனதாகிவிடும். அந்த 20 நிமிடத்தில் அடுத்து என்ன வாதம் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால் ஓய்வெடுத்ததாக ஆகாது.

அந்த நண்பரிடம் நீங்களாக எதுவும் பேச வேண்டாம். மனைவிக்குத் தெரியாமல் அவரிடம் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். மறுநாள் பஸ்ஸில் அவர் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார். காரணம் தெரிந்ததும் மனைவிக்கு ஏற்பட்ட அவமானம் சீக்கிரத்தில் ஆறவில்லை.

பேச்சு சரியாகப் போயிற்றா என்று அன்றைக்கே தெரியாது. அடுத்த சில வாரங்களில், அவர் தயங்காமல் அந்த நண்பரின் பெயரை எடுத்து ஏதாவது சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால், பொறாமை உங்கள் பொறுப்பில் இருக்கிறது, தன்மேல் ஏற்றப்படவில்லை என்று அவர் நம்புகிறார். பொறாமை ஒரே பேச்சில் போய்விடாது. இன்னும் சில தடவை எட்டிப் பார்க்கும். அப்போது "இன்றைக்கு மறுபடி கொஞ்சம் வந்தது" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்காக மட்டுமின்றி இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகவும். பதில் கிடைத்தபின்னும் நினைப்பு அடங்காமல், ஒரே நாளில் பலமுறை போனையோ பையையோ சோதிக்கத் தோன்றினாலும், தூக்கம் கெட்டாலும், குடித்தால் சந்தேகம் ஏறினாலும், கை ஓங்கும் அளவுக்குப் போனாலும் இந்த வாக்கியங்கள் போதாது. அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டியது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றி, எந்த நேரமும் பேசலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது, தம்பி. உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மாற்றல் செய்தி யாருக்கு முதலில் தெரிந்தது என்று இருக்கிறது. அந்த வேலைக்குப் போக உங்கள் மனைவிக்கு விருப்பமா என்று ஒரு வரி இல்லை. பதவி உயர்வு வந்திருக்கிறது. அவர் மகிழ்ந்தாரா, குழந்தைகளை நினைத்துக் கலங்கினாரா, பதில் சொல்ல எத்தனை நாள் அவகாசம் என்று அந்த நண்பருக்குத் தெரிந்திருக்கும். திண்ணையில் உட்காரும் அன்று, உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லி முடித்தபின் அதைக் கேளுங்கள். "உனக்குப் போக ஆசையாக இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை நடுவில் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.